கச்சா எண்ணெய் விலை அசைந்தால்: அளிப்பு அதிர்ச்சியா, தேவை அதிர்ச்சியா என்று கண்டறியும் வழிமுறை

கச்சா எண்ணெய் பற்றிய வணிகக் குறிப்புகளைத் திருத்தும் வேலையில் ஒரே பழுது திரும்பத் திரும்ப மேசைக்கு வருகிறது. விலை ஏறியது என்று ஒரு வரி இருக்கும். அன்றைய நாளிதழில் பெரிய செய்தி எதுவோ, அதுவே அடுத்த வரியில் காரணமாக நிற்கும். போர்ச் செய்தி வந்திருந்தால் அளிப்பு குறைந்தது என்றும், சீனாவின் வளர்ச்சி விகிதம் வந்திருந்தால் தேவை கூடியது என்றும் எழுதிவிடுகிறார்கள். அளிப்பு குறைந்தாலும் விலை ஏறும், தேவை கூடினாலும் விலை ஏறும். ஆகவே விலையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. எண்ணெயின் அளவு எந்தப் பக்கம் போனது என்பதுதான் பிரித்துக் காட்டும். கீழே உள்ள வழிமுறை அந்த ஒரு சோதனையில் தொடங்கி, அது போதாத இடங்களில் அடுத்து எதைப் பார்ப்பது என்று சொல்கிறது. உங்கள் கண்ணில் படும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகச் சென்றுவிடலாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஒரு தாளில் இரண்டே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, எடுத்துக்கொண்ட காலத்தில் விலை எவ்வளவு மாறியது என்பது. மற்றது, அதே காலத்தில் உலக அளவில் எண்ணெய் நுகர்வு எவ்வளவு மாறியது என்பது. இரண்டும் ஒரே திசையில் சென்றிருந்தால் தேவையைச் சந்தேகியுங்கள், எதிரெதிர்த் திசையில் சென்றிருந்தால் அளிப்பைச் சந்தேகியுங்கள்.

இங்கேயே இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, காலத்தின் நீளம். ஒரு நாள் விலையை ஓராண்டு நுகர்வோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. குறைந்தது ஒரு காலாண்டை எடுத்துக்கொண்டு, நுகர்வை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட வேண்டும், ஏனெனில் வட நாடுகளின் குளிர்காலமும் கோடை விடுமுறைப் பயணமும் நுகர்வைத் தாமாகவே ஏற்றி இறக்குகின்றன. இரண்டாவது, உற்பத்தியையும் நுகர்வையும் ஒன்றென எடுத்துக்கொள்வது. எண்ணெயைக் கிடங்கில் தேக்கி வைக்க முடியும் என்பதால் இவை பல மாதங்கள் வெவ்வேறு வழியில் போகலாம். அந்த இடைவெளி கையிருப்பில் தெரியும், பல வேளைகளில் அதுவே விடையையும் சொல்லிவிடும்.

## அறிகுறி: விலை ஏறியது, அளவு குறைந்தது

இது அளிப்பு அதிர்ச்சியின் தெளிவான முகம். காரணங்களை எளியதிலிருந்து பாருங்கள். எண்ணெய் வயல் பராமரிப்பு, மெக்சிகோ வளைகுடாவில் புயல் போன்றவை சில வாரங்களில் தாமே சரியாகிவிடும். அடுத்தது, ஏற்றுமதி செய்யும் நாடுகள் கூடிப் பேசி உற்பத்தியைக் குறைப்பது. இது அறிவித்துச் செய்யப்படுவதால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. போரும் தடையும் கடைசியில் வருபவை. அவற்றின் விலையும் அதிகம், நீளமும் தெரியாது.

சோதிக்க வேண்டியவை இரண்டு: யாருடைய பீப்பாய் சந்தையை விட்டுப் போனது, அதை ஈடுகட்டும் உபரி உற்பத்தித் திறன் யாரிடம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்த பின், அவ்விரு நாடுகளின் எண்ணெயும் சேர்ந்து நாளொன்றுக்கு 40 லட்சம் பீப்பாய்க்கு மேல் சந்தையிலிருந்து மறைந்தது. ஜூலையில் 17 டாலரைச் சுற்றி இருந்த பீப்பாய் விலை அக்டோபரில் 40 டாலரைத் தாண்டியது. சவூதி அரேபியாவிடம் உபரித் திறன் இருந்ததால் அது உற்பத்தியைக் கூட்டிக்கொண்டே போனது, ஆண்டு முடிவதற்குள் இழந்த அளவின் பெரும்பகுதி ஈடாகிவிட்டது.

அளவு ஏறத்தாழத் திரும்பிய பிறகும் விலை பழைய இடத்துக்கு வரவில்லை. 1991 ஜனவரி 16 அன்று அமெரிக்கச் சந்தையில் சுமார் 32 டாலராக இருந்த பீப்பாய், பன்னாட்டுப் படைகளின் வான் தாக்குதல் தொடங்கிய மறுநாள் 21.44 டாலரில் முடிந்தது. அந்த ஒரு நாளில் உலகுக்குப் புதிதாக ஒரு பீப்பாய் எண்ணெய்கூடக் கிடைத்துவிடவில்லை. இறங்கியது அச்சம். சவூதிக் கிணறுகளும் போரில் சிக்கக்கூடும் என்று பயந்து முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்தவர்களின் தேவை, அந்தப் பயம் விலகியதும் மறைந்துவிட்டது. ஆகவே அளிப்பு அதிர்ச்சி என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன், விலையில் எந்தப் பகுதி காணாமற்போன பீப்பாய்க்கு உரியது, எந்தப் பகுதி இனிமேல் காணாமற்போகக்கூடிய பீப்பாய்க்கு உரியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது பகுதி இயல்பில் தேவையின் பக்கம் நிற்பது. அதை வாங்குபவர் கிடங்குக்காக வாங்குகிறார்.

### கிளை: விலை ஏறியது, ஆனால் அளவு குறையவே இல்லை

மேலே சொன்ன அச்சப் பகுதி மட்டுமே தனியாக வந்தால் இப்படித்தான் இருக்கும். 2022 மார்ச்சில், ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களில், உலக விலைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் பிரெண்ட் எண்ணெய் ஒரு கட்டத்தில் 139 டாலரைத் தொட்டது. ரஷ்ய எண்ணெய் முழுவதும் சந்தையை விட்டுப் போய்விடும் என்பது அன்றைய கணிப்பு. நடந்தது வேறு: வசந்த காலத்தில் குறைந்த ரஷ்ய உற்பத்தி பெருமளவு மீண்டது, எண்ணெய் ஐரோப்பாவுக்குப் பதிலாகத் தள்ளுபடி விலையில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் திரும்பியது. இத்தகைய நேரத்தில் உற்பத்திப் புள்ளிவிவரத்தைக் காட்டிலும் கப்பல்களின் போக்கு முன்னதாகவே உண்மையைச் சொல்லும். எண்ணெய் வேறு துறைமுகத்தில் இறங்குகிறது என்றால் அது வழிமாற்றம். உலக அளிப்பு குறைந்ததாக எழுதக் கூடாது.

## அறிகுறி: விலை ஏறியது, அளவும் ஏறியது

தேவை அதிர்ச்சி. 2003 முதல் 2008 நடுப்பகுதி வரையிலான ஏற்றம் இதற்குச் சிறந்த மாதிரி, அதோடு மிக அதிகமாகத் தவறாக எழுதப்பட்டதும் அதுவே. சுமார் 30 டாலரில் தொடங்கிய விலை 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்டது. ஊகவணிகர், ஈராக் போர், நைஜீரியக் கலவரம் என்று அந்தந்த வாரத்துக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. அளவைப் பார்த்திருந்தால் குழப்பம் குறைந்திருக்கும்: 2000இல் நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய்க்குச் சற்றுக் குறைவாக எரித்த சீனா 2008இல் 80 லட்சத்தை நெருங்கியிருந்தது.

உறுதி செய்ய, எண்ணெயோடு தொடர்பில்லாத பொருளின் விலையைப் பாருங்கள். செம்பு இதற்கு வசதியானது. எண்ணெய்க் கிணற்றில் நேரும் தடங்கலால் செம்பு விலை ஏறக் காரணம் இல்லை, ஆனால் உலகெங்கும் தொழிற்சாலைகள் சுறுசுறுப்பானால் இரண்டும் சேர்ந்தே ஏறும். 2003இல் டன் 1,800 டாலரைச் சுற்றி இருந்த செம்பு, 2006இலும் 2008இலும் 8,000 டாலரைத் தாண்டியது. அடுத்த சோதனை கப்பல் வாடகை. புதிய சரக்குக் கப்பலைக் கட்ட ஆண்டுகள் ஆகும் என்பதால், சரக்குப் போக்குவரத்து பெருகும்போது வாடகை உடனே துள்ளும். உலகத் தேவையின் அளவுகோலாகக் கப்பல் வாடகையைப் பயன்படுத்தி 2009இல் பொருளியலாளர் லுட்ஸ் கிலியன் எண்ணெய் விலை மாற்றங்களைப் பிரித்துக் காட்டியது இதை வைத்தே. உலர்சரக்குக் கப்பல் வாடகைக்கான பால்டிக் குறியீடு 2008 மே மாதத்தில் 11,700ஐத் தாண்டியது, எண்ணெயின் உச்சம் அதற்கு அடுத்த சில வாரங்களில் வந்தது.

இந்தக் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த வாடகை உயர்வைப் பார்த்துக் கப்பல் முதலாளிகள் ஏராளமான கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அவை வந்து சேர்ந்த பின் வாடகை சரிந்தது. 2016 பிப்ரவரியில் அக்குறியீடு 290க்கு வந்தபோது, உலகத் தேவை அந்த அளவுக்குச் செத்துவிட்டது என்று படித்தவர்கள் ஏமாந்தார்கள். அளவுகோலுக்கே ஓர் அளிப்பு அதிர்ச்சி நேர்ந்திருந்தது.

### கிளை: அளவு முதலில் ஏறி, பிறகு நின்றுவிட்டது, விலை மட்டும் ஓடுகிறது

2005க்குப் பிறகு இதுதான் நடந்தது. உலக உற்பத்தி ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்க, விலை இரு மடங்குக்கு மேல் போனது. இதைக் கண்டதும் அளிப்பு அதிர்ச்சி என்று மாற்றி எழுதத் தோன்றும், அவசரப்பட வேண்டாம். உபரித் திறன் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்று பாருங்கள். திறன் மிச்சமிருக்கும் வரை கூடுதல் தேவைக்குக் கூடுதல் உற்பத்தி பதில் சொல்லும், விலை மெதுவாகவே ஏறும். திறன் தீர்ந்த பின் அதே அளவு கூடுதல் தேவை வந்தாலும் அளவு அசைய இடமில்லாததால் முழு அழுத்தமும் விலை மீது விழும். எந்தக் கிணறும் மூடப்படாமல் அளவு நின்றிருந்தால், தள்ளுவது இன்னும் தேவையே.

## அறிகுறி: விலை விழுந்தது, அளவும் விழுந்தது

தேவை சுருங்கியது. 2020 ஏப்ரலில் ஊரடங்கால் வாகனங்களும் விமானங்களும் நின்றபோது உலக எண்ணெய் நுகர்வு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஒப்பந்தம் மறுநாள் காலாவதியாக இருந்தது. அதை வைத்திருப்பவர் ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் நகரில் எண்ணெயை உண்மையாகவே பெற்றுக்கொள்ள வேண்டும். அங்கே வாடகைக்குக் கிடைக்கும் தொட்டி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே எடுத்துக்கொள்பவருக்குப் பணம் கொடுத்தார்கள். அதே நாளில் பிரெண்ட் 25 டாலருக்கு மேலேயே இருந்தது என்பதால், அந்த எதிர்மறை விலையை உலக விலையாக எழுதுவது பிழை.

இந்த அறிகுறியில் பொறி இருப்பது உற்பத்திப் புள்ளிவிவரத்தில். நுகர்வு விழுந்துகொண்டிருந்த அதே ஏப்ரலில், மார்ச்சில் ரஷ்யாவோடு பேச்சு முறிந்ததன் தொடர்ச்சியாகச் சவூதி அரேபியா உற்பத்தியைக் கூட்டியிருந்தது. பிறகு ஏப்ரல் 12இல் எட்டிய உடன்பாட்டின்படி, மே மாதத்திலிருந்து நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் குறைக்கப்பட்டது. ஏப்ரல் உற்பத்தியை மட்டும் பார்த்தவர், விலை விழுந்து அளவு ஏறியது, ஆகவே அளிப்புப் பெருக்கம் என்பார். மே உற்பத்தியை மட்டும் பார்த்தவர், விலை மெல்ல மீண்டு அளவு குறைந்தது, ஆகவே அளிப்பு வெட்டு என்பார். இருவருமே கண் முன் இருந்த ஒரு துண்டைச் சரியாகப் படித்தவர்கள்தாம். ஆனால் மே மாத வெட்டு விழுந்த விலைக்கு உற்பத்தியாளர் கொடுத்த பதில். எது முந்தியது என்று தேதியிட்டு வரிசைப்படுத்தாமல் அளவைப் படிக்கக் கூடாது. முடிந்தவரை உற்பத்தியை விட்டு நுகர்வை அளவாக எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

## அறிகுறி: விலை விழுந்தது, அளவு ஏறியது

அளிப்பு பெருகியது. ஆனால் நடைமுறையில் இது தனியாக வருவது அரிது, ஆகவே ஒரு நிகழ்வை முழுவதுமாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

2014 ஜூனில் பிரெண்ட் 115 டாலரைத் தொட்டது. அடுத்த ஜனவரியில் 50 டாலருக்குக் கீழே வந்து, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. முதல் சோதனை: அளவு. 2015இல் உலக நுகர்வு நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய்க்கு மேல் கூடியது. விலை கீழே, அளவு மேலே, அளிப்பு. இரண்டாம் சோதனை: யாருடைய பீப்பாய். 2008இல் நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய் எடுத்த அமெரிக்கா, பாறை இடுக்கிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையால் 2015இல் 94 லட்சம் எடுத்தது. அதற்கு இடம்விட்டு உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று 2014 நவம்பர் 27 அன்று வியன்னாவில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் முடிவெடுத்தது. இதுவரை எல்லாம் ஒரே பக்கம் காட்டுகிறது, பெரும்பாலான குறிப்புகளும் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

மூன்றாம் சோதனைதான் படத்தை மாற்றுகிறது. அதே காலத்தில் செம்பும் இறங்கியது, அமெரிக்க நீண்டகாலக் கடன்பத்திர வட்டியும் இறங்கியது, டாலர் வலுவடைந்தது. பாறை எண்ணெய் செம்பின் விலையை இறக்காது. உலகத் தேவை எதிர்பார்த்ததை விட மந்தமாகவும் இருந்திருக்கிறது. எவ்வளவு பங்கு? பொருளியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் பயன்படுத்திய எளிய முறை, எண்ணெய் விலையின் வாராந்தர மாற்றத்தைச் செம்பு, டாலர், பத்தாண்டுக் கடன்பத்திர வட்டி ஆகிய மூன்றின் மாற்றங்களைக் கொண்டு கணிப்பது. அவை விளக்கும் பகுதியைத் தேவையின் கணக்கில் எழுதி, மிச்சத்தை அளிப்பின் கணக்கில் வைப்பது. அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பென் பெர்னான்கி இதே வழியில் 2016 தொடக்கத்தில் கணக்கிட்டபோது, 2014 ஜூனுக்குப் பிந்தைய வீழ்ச்சியில் 40 முதல் 45 விழுக்காடு தேவை மந்தத்தால் வந்தது என்று கிடைத்தது. அளவு ஏறியதைப் பார்த்துத் தேவைக்குப் பங்கே இல்லை என்று எழுதியிருந்தால் ஏறத்தாழப் பாதிக் கதை விடுபட்டிருக்கும். முதல் சோதனை எந்த அதிர்ச்சி பெரியது என்பதைச் சொல்கிறது. மற்றது இல்லை என்று அது சொல்வதில்லை.

## அறிகுறி: உலக விலை விழுந்தது, பெட்ரோல் நிலையத்தில் விலை அசையவில்லை

இந்திய வாசகர்கள் அதிகம் கேட்பது இது. காரணத்தைத் தேடி அலைய வேண்டாம், முதலில் வரியைப் பாருங்கள். 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது தடவை உயர்த்தியது. மொத்தம் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு. 2020 மே மாதத்தில் ஒரே அறிவிப்பில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டப்பட்டன. வரிக்குப் பிறகும் இடைவெளி மிஞ்சினால், ரூபாய் மதிப்பையும் எண்ணெய் நிறுவனங்கள் விலையை நிறுத்தி வைத்திருந்த நாட்களையும் பாருங்கள். விலை மாறாத இடத்தில் நுகர்வோர் அளவை மாற்றக் காரணமும் இல்லை. எனவே இந்தியச் சில்லறை விலையையும் இந்திய நுகர்வையும் வைத்து உலக அதிர்ச்சியை அடையாளம் காண முயல்வது வீண் வேலை.

## அறிகுறி: நாடு முழுவதும் விலைவாசி ஏறுகிறது, உற்பத்தியும் வேலையும் குறைகின்றன

எண்ணெயை இறக்குமதி செய்யும் பொருளாதாரத்தில் அளிப்பு அதிர்ச்சி இப்படி வந்து இறங்கும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த தடையை ஒட்டி, பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து 1974 ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. 1974இல் அமெரிக்கப் பணவீக்கம் 11 விழுக்காடு. 1975 மே மாதத்தில் வேலையின்மை 9 விழுக்காடு. தேவை அதிர்ச்சியாக இருந்தால் இவ்விரண்டும் சேர்ந்து ஏறாது: தேவை பெருகும்போது விலைவாசியோடு வேலையும் கூடும், தேவை சுருங்கும்போது இரண்டும் தணியும்.

மருந்து மாறுவதும் இங்கேதான். தேவை மிகுந்து விலைவாசி ஏறினால், மத்திய வங்கி வட்டியைக் கூட்டுவது மிகையான விலையையும் மிகையான உற்பத்தியையும் ஒன்றாகவே தணிக்கும். அளிப்பு குறைந்து ஏறினால், அதே வட்டி உயர்வு விலையைச் சற்று அடக்கி, ஏற்கெனவே சுருங்கிய உற்பத்தியை இன்னும் சுருக்கும். வட்டியைக் கூட்டி எந்தக் கிணற்றையும் திறக்க முடியாது. வட்டியைக் குறைத்தாலோ உற்பத்திக்குச் சிறிது தெம்பு கிடைக்கும், விலைவாசி மேலும் ஓடும். எனவே தவறான நோயறிதல் இங்கே வேலைவாய்ப்பில் விலை கேட்கும்.

ஆனாலும் எல்லாப் பழியையும் எண்ணெய் மேல் போடுவதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். அமெரிக்காவில் 1971இல் விதிக்கப்பட்ட விலைக் கட்டுப்பாடுகள் 1974 ஏப்ரலில் நீங்கின. அமுக்கி வைத்திருந்த விலைகள் அப்போது எழுந்தன. இந்தியாவில் 1974-75இல் மொத்த விலை ஏற்றம் 25 விழுக்காட்டைத் தொட்டது உண்மைதான். ஆனால் 1972இன் வறட்சியால் தானிய விலை எண்ணெய்க்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தது. அதுவும் அளிப்பு அதிர்ச்சியே, ஆனால் வேறொன்று.

## எப்போது வல்லுநரிடம் போக வேண்டும்

அளவும் செம்பும் வெவ்வேறு விடை சொன்னால், அல்லது கையிருப்பு பெருகிக்கொண்டிருக்கும்போதே விலையும் ஏறினால், தாளும் பென்சிலும் போதாது. முதலாவதில் இரண்டு அதிர்ச்சிகளும் கலந்திருக்கின்றன. இரண்டாவதில் எதிர்காலத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு விலையை ஓட்டுகிறது. உங்கள் பதிலை நம்பி யாராவது எரிபொருள் ஒப்பந்தமோ ஆண்டு பட்ஜெட்டோ போடப்போகிறார் என்றாலும் அதே ஆலோசனைதான். பல தொடர்களை ஒருசேர வைத்து அதிர்ச்சிகளைப் பிரிக்கத் தெரிந்த பொருளியல் அளவையியல் வல்லுநரிடம் செல்லுங்கள்.

செல்லும்போது உற்பத்தி, கையிருப்பு, பணவீக்கம் நீக்கிய விலை, உலகத் தொழில் நடவடிக்கையின் ஏதேனும் ஓர் அளவுகோல் ஆகிய நான்கையும் மாதவாரியாக, இருபது ஆண்டுக்குக் குறையாமல் எடுத்துச் செல்லுங்கள். அவர் தரும் விழுக்காடுகளை வாங்கிக்கொள்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: விலை ஏறினால் அதே மாதத்தில் உற்பத்தி எவ்வளவு கூடும் என்று எடுத்துக்கொண்டீர்கள்? கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வைப்பவருக்குத் தேவையின் பங்கு பெரிதாக வரும், சற்றுக் கூட்டி வைப்பவருக்கு அளிப்பின் பங்கு பெரிதாக வரும். துறையின் முன்னணி ஆய்வாளர்களே இந்த ஓர் எண்ணில் ஒத்துப்போவதில்லை. ஆகவே அந்த எண்ணையும் உங்கள் குறிப்பில் எழுதிவிட்டு, அதற்கு அருகில் விழுக்காட்டை எழுதுங்கள்.